இரண்டு கூடை என்று சொன்னவர்

தொன் அபுந்தியோவுக்கு ஒரே படகு. அதற்கு முதலாளியும் அவர்தான், கேப்டனும் அவர்தான். மசாத்லான் துறைமுகத்தில் அவருடைய வாய்க்கு ஈடு கிடையாது. படகு முதலாளிகள் கூட்டத்தில் எழுந்து நின்றாரென்றால் ஒரே பாட்டுதான்: "என் வலையில ஒரு கூடை இறாலுக்கு ரெண்டு கூடைதான் கழிசல் மீன். மத்தவங்க கடலைச் சுரண்டுறாங்க, நான் மீன் பிடிக்கிறேன்." பதினெட்டு வருடம் அவர் படகில் சமைத்தவன் நான். கழிசல் என்றால் இறாலோடு சேர்ந்து வலையில் ஏறி, திரும்பக் கடலிலேயே கொட்டப்படும் மீன். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

செப்டம்பரில் தடைக்காலம் முடியும் தறுவாயில் கடிதம் வந்தது. கண்ணாடி இல்லாமல் அவரால் படிக்க முடியாது என்பதால் நான்தான் படித்தேன். யாரெலி ஓசுனா, கடல் உயிரியல் மாணவி. பன்னிரண்டு நாள் படகில் வர அனுமதி கேட்டிருந்தாள். ஒவ்வொரு முறை வலை ஏறும்போதும், யாரும் கை வைப்பதற்கு முன்னால் கூடைகளை எண்ண வேண்டும், அதில் ஒரு கூடையை எடுத்து அளக்க வேண்டும். இந்தப் பருவம் தவறினால் இந்த வருடம் பட்டம் இல்லை. நாலு முதலாளிகளுக்கு எழுதி ஒருவரும் பதில் போடவில்லையாம். கடைசி வரி இது: 'உங்கள் படகில் கழிசல் இரண்டே கூடை என்று கூட்டத்தில் சொன்னீர்களாம். அதை அளந்து எழுத ஆசைப்படுகிறேன்.'

பத்துப் பேர் முன்னால் படித்துவிட்டேன். இனி மாட்டேன் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்?

"வரச் சொல்லு" என்றார். முகம் மட்டும் சரியில்லை.

யாரெலி ஒரு தராசும், அளவுகோல் பதித்த பலகையும் கொண்டு வந்தாள். தன் அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவர் சுக்கான் அறையில் படுத்துக்கொண்டார். அதுவரை எல்லாம் சரி. ஆனால் வழக்கமாகக் கரையோரம் எட்டுப் பாகம், ஐம்பதடிக்குள்ளான ஆழத்தில் இழுக்கிற மனிதர், நேராக முப்பத்தைந்து பாகத்துக்குப் போய் வலையைப் போட்டார். கழிசல் குறைவு, இறாலோ அதைவிடக் குறைவு. பங்குக்கு வேலை செய்கிற ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் எண்ணி எழுதிக்கொண்டிருந்தாள்: இரண்டு கூடை, இரண்டு கூடை.

நாலாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"சூப்புக்குப் போட ஒரு பொடி கொர்வினா மீன் இல்ல. இந்தப் படகுல மீன் இல்லாம பீன்ஸ வேகவச்சது இப்பதான்" என்று முணுமுணுத்தேன்.

"எப்பவும் நிறைய வருமா?" என்றாள்.

"அடுப்புக்கு ஒரு கை அள்ளிக்கிட்டு மிச்சத்தைத் தள்ளிவிடுவோம் பொண்ணு."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். சுக்கான் அறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது, நானும் கேட்டேன்.

"தொன் அபுந்தியோ, இந்த நாலு நாள் கணக்கை நான் சேர்க்க முடியாது. நீங்க மீன் பிடிக்கிறத அளக்க வந்தேன். எனக்காகப் பிடிக்கிறத இல்ல."

"அதுலயே பட்டம் வாங்கலாமே மகளே. யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்."

"பொடி மீனு இத்தனைன்னு எழுதினா சர்க்கார்ல தடைய இன்னும் நீட்டுவாங்க. இவனுங்க பிள்ளைங்க எதைத் தின்னும்?"

"நீட்டினாலும் நீட்டலாம். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். வேணாம்னா கரையில விட்டுடுங்க. இந்தக் காகிதத்தையும் கிழிச்சுப் போட்டுட்டுப் போறேன்."

பட்டத்தையே கிழித்துப் போடுகிறேன் என்கிறாள்.  நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.  அவர் சுக்கானைக் கரைப்பக்கம் திருப்பினார்.

மறுநாள் விடிந்ததும் எட்டுப் பாகத்தில் வலை ஏறியது. வலையின் மடி அவிழ்ந்து மீன் தளம் முழுக்கக் கொட்டியது. பழக்கதோஷத்தில் நான் சட்டியோடு குனிந்தேன். என் கையில் ஓர் அடி விழுந்தது.

"அவ அளந்த பிறகு எடு" என்றார் தொன் அபுந்தியோ.

அவரே மண்டியிட்டுக் கூடைகளை எண்ணினார். இறால் ஒன்று. மற்றது ஒன்பது. பாதிக்கு மேல் விரல் நீளக் குஞ்சுகள். ஒரு கொர்வினாக் குஞ்சைத் தானே எடுத்துப் பலகையில் வைத்தார்.

"ஒன்பது. எழுதிக்கோ மகளே. நான் எண்ணினதே இல்ல" என்றார். குரல் இறங்கியிருந்தது. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மீதி எட்டு நாளும் அங்கேயே இழுத்தோம். சாப்பாடு தினமும் தாமதம்.

டிசம்பரில் முதலாளிகள் கூட்டம். ஒருவர் எழுந்து, தன் படகில் கழிசல் இரண்டே கூடை என்று ஆரம்பித்தார். தொன் அபுந்தியோ உட்கார்ந்தபடியே சொன்னார்: "என் படகுல ஒன்பது. உன் படகுல எத்தனைன்னு எண்ணிட்டு வந்து பேசு."

அன்று அவரோடு காபி குடிக்க யாரும் வரவில்லை. நான் மட்டும் குடித்தேன்.