அனுமதி வந்துவிட்டது

ஆராய்ச்சி என்றால் நூலகத்தில் உட்கார்ந்து தலையணை பருமன் புத்தகங்களைப் படிப்பது என்று அவள் நினைத்திருந்தாள், பாவம். வந்து பார்த்தால், நாளில் பாதி ஆஸ்பத்திரி அலுவலக வாசல் பெஞ்சில் போயிற்று. ஷிப்ட் மாறும்போது நர்சுகள் நோயாளிகளை எப்படி ஒப்படைக்கிறார்கள் என்பதுதான் அவள் ஆய்வு. வார்டுக்குள் நின்று பார்க்கவும், நர்சுகளைப் பேட்டி எடுத்து ஒலிப்பதிவு செய்யவும் அனுமதி வேண்டும். ஆராய்ச்சி நெறிமுறைக் குழு, நர்சுகள் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவத்தைத் திருத்தச் சொன்னது, திருத்தினாள். அதற்குள் ஆஸ்பத்திரித் தலைவர் மாற்றலாகிவிட்டார். புதியவர் மேசையில் கோப்பு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

வேறு ஊரில் அப்பாவோடு இருந்த சின்ன மகள் தினமும் போனில் கேட்பாள், "எப்பம்மா வருவே?"

"அனுமதி கிடைக்கணும் கண்ணு. அப்புறம்தான்."

ஒருவழியாக அனுமதிக் கடிதம் வந்தது. கணவனுக்குச் சொன்னாள். மறுநாள் அவன் கூப்பிட்டான். "அம்மாவுக்கு அனுமதி வந்துடுச்சுன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். காலையிலேர்ந்து செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்கா."

அனுமதி என்றால் அம்மா வருவது என்று குழந்தை நினைத்துவிட்டது. வேலையே இனிமேல்தான் தொடங்குகிறது என்று அதற்கு யார் சொல்வது? ஏங்கி ஏங்கி அழுதாள். அழுத கையோடு வழிகாட்டிப் பேராசிரியைக்கு எழுதினாள்:

"மேடம், ஆஸ்பத்திரி அனுமதி தாமதமானதால் களப்பணியை இனிமேல்தான் தொடங்க முடியும். கடிதத்தை இணைத்திருக்கிறேன். இதற்கிடையில் முந்தைய ஆய்வுகளைப் பற்றிய அத்தியாயத்தை முடித்துவிட்டேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மூன்று மாதம் கூடுதல் அவகாசம் வேண்டுகிறேன்."

பேராசிரியை அறைக்கு வரச் சொன்னார்.

"மூணு மாசமா? பேட்டி எடுக்கவே அது சரியாப் போகுமே. பதிவைக் கேட்டு எழுத வேணாமா, அலச வேணாமா? தாமதம் உன் தப்பில்ல, கடிதத்துல தேதி இருக்கு. நான் துறைக் குழுவுக்குப் பரிந்துரை பண்றேன். ஆனா ரெண்டாவது தடவை போய் நின்னா முகம் சுளிப்பாங்க. ஏன் குறைச்சுக் கேட்டே?"

"வீட்டுக்குப் போகணும் மேடம். எழுத்து வேலைய அங்கேர்ந்து பண்ணலாமா?"

"பதிவு எதுவும் துறைக் கணினிய விட்டு வெளிய போகாதுன்னு நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தது நீதானேம்மா?"

அவளேதான். அனுமதி சீக்கிரம் கிடைக்கட்டும் என்று, குழு கேட்டதற்கு மேலேயே எழுதிக் கொடுத்திருந்தாள்.

"ஆறு மாசம்னு மாத்தி இன்னிக்கே அனுப்பு," என்றார் பேராசிரியை, மெதுவாக.

வெளியே வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டாள். மகள்தான் எடுத்தாள்.

"அம்மா, கெளம்பிட்டியா?"

"இல்லடா. இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அதுக்கும் ஒரு அனுமதி கேக்கணும்."



"யார்கிட்டயும் கேக்காதம்மா. நான் தர்றேன். நீ வந்துடு."

அவள் போனை வைத்துவிட்டு, படிக்கட்டிலேயே உட்கார்ந்து, விண்ணப்பத்தில் மூன்றை அழித்து ஆறு என்று போட்டாள்.