நான்கு கட்டத்துக்கும் ஐம்பது

இரண்டு விஷயங்களுக்குள் தொடர்பு உண்டா என்று புள்ளியியலில் பார்க்கும் கை-ஸ்கொயர் சோதனையில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை என்றால், மொத்தத்தைக் கட்டங்களுக்குச் சமமாகப் பங்கு போடுவது என்று நம்பியிருந்தேன். நாற்பத்தெட்டு வயதில் சமூகவியல் எம்.ஏ. படிக்கப் போனவனின் ஞானம் அது.

விழுப்புரத்தில் 120 பேரையும் திண்டிவனத்தில் 80 பேரையும், வேலைக்குப் புதுச்சேரி போய் வருகிறீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றவர்கள் விழுப்புரத்தில் 55, திண்டிவனத்தில் 35. ஆமாம், இல்லை என இரண்டு ஊருக்கும் சேர்த்து நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஐம்பதை எதிர்பார்த்தேன். சூத்திரத்தில் போட்டதும் விடை 10 வந்தது. வித்தியாசம் உண்டு என்று சொல்ல 3.84ஐத் தாண்டினாலே போதும். ஊருக்கு ஊர் பெரிய வித்தியாசம் என்று எழுதி, ஆய்வேட்டை பைண்டும் செய்துவிட்டேன்.

வழிகாட்டி மேடம் என்னைவிட இருபது வயது இளையவர். புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“பந்தியில வடை வைக்கிற மாதிரி எல்லாத்துக்கும் ஐம்பது வச்சிக்கினு வந்திருக்கீங்களே சார்! மொத்தம் இருநூறுல தொண்ணூறு பேர் போறாங்க. ஊருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னா, நூத்தியிருபதுல எவ்ளோ வரணும்?”

“ஐம்பத்திநாலு மேடம்.”

“எம்பதுல?”

“முப்பத்தாறு.”

நான் எண்ணி வந்ததற்கும் இதற்கும் கட்டத்துக்கு ஒரே ஒரு ஆள்தான் வித்தியாசம். புது விடை 0.08; 3.84க்குப் பக்கத்தில்கூட இல்லை. பட்டம் போச்சு, அப்படியே வானூர் பஸ் ஏறித் தலைமறைவாகிவிடலாமா என்று யோசித்தேன்.

“வித்தியாசம் தெரியலன்னு எழுதினா பாஸ் போடுவாங்களா மேடம்?”

“அதுவும் முடிவுதான் சார். பேஜாரு பண்ணாம ஜல்தியா திருத்திக்கினு வாங்க.”

வித்தியாசம் இருப்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று திருத்தி, மறுபடி பைண்டு செய்து கொடுத்தேன். பாஸ் போட்டார்கள்.