சட்டியக்காவும் கறுப்புத் துணுக்கும்

“கம்பி நார் வேண்டாம், கம்பி நார் வேண்டாம்னு கத்திக் கத்தி என் தொண்டைதான் தேஞ்சு போச்சு.”

ஒரு நாள் விடாமல் என் ஓரகத்தி சொன்ன வாசகம் இது. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். இப்போது தெருவே சட்டியக்கா என்கிறது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் துணிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்தவள். அடுப்படிப் பக்கமே போகாதவள். அவள் வைத்த முதல் சோற்றைக் கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது என்று மாமியார் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். முதுகு பிசகி வீட்டோடு உட்கார்ந்தபின், எங்கள் தெருக்கோடியில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் அவள் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். வேலைக்குப் போகிற பெற்றோர் பகலில் பிள்ளைகளை விட்டுப்போகிற இடம். காலையில் நானும் போய்க் காய் நறுக்கிக் கொடுப்பேன். வீட்டில் சும்மா இருந்து யாருடைய முகத்தைப் பார்க்க.

பாத்திரம் கழுவ ஒரு பெண் வருவாள். எல்லோருக்கும் அவள் தங்கச்சி. நான்ஸ்டிக் வாணலியைக் கம்பி நார் போட்டு நறநறவென்று தேய்ப்பது அவள்தான்.

“ஏம்மா தங்கச்சி, அது வாணலியா, இல்ல உன் மாமியாரா? இந்தத் தேய் தேய்க்கிற?”

“நீங்க தீயவிட்ட முட்டையை நான் என்ன ஊதியா எடுக்கிறது? வாணலிக்குப் பரிஞ்சு பேசுற வாய் என் கைக்கும் கொஞ்சம் பரிஞ்சு பேசலாம்.”

இப்படித் தினமும் நடக்கும். வாணலியில் கோடு கோடாகக் கீறல் விழுந்து, நடுவில் ஒரு இடத்தில் பூச்சு உரிந்து அடியிலிருக்கும் அலுமினியம் தெரிந்தது. காப்பகத்தை நடத்தும் மேடத்திடம் புதிது கேட்டால், “பார்க்கலாம்” என்பார். மேடத்தின் ‘பார்க்கலாம்’ என்றால் வராது என்று அர்த்தம்.

ஒரு சாயங்காலம் பிரச்சனை வந்தது. பஸ் ஓட்டுகிற ஒரு பெண்ணின் இரண்டு வயதுப் பயல் அங்கே வளர்கிறான். எதைக் கண்டாலும் பிடித்துக்கொண்டு தொங்குவதால் நண்டு என்று கூப்பிடுவோம். அவனைக் கூட்டிப்போக வந்த அம்மா, அவன் சட்டையில் ஒட்டியிருந்த உருளைக்கிழங்கு மசியலைத் துடைக்கப் போய் ஒரு கறுப்புத் துணுக்கைப் பார்த்தாள். மிளகில் பாதிதான் இருக்கும். காகிதக் கைக்குட்டையில் மடித்து மேடத்தின் மேஜையில் வைத்தாள்.

“இது என்னங்க? என் பிள்ளை வயித்துல இதுல எத்தனை போயிருக்கு?”

மேடம் அக்காவைக் கூப்பிட்டார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “இன்னொரு தடவை இப்படி வந்தா, சமையலை வெளியில குடுத்துடுவேன். எனக்கு வேற வழி இல்ல” என்றார். வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. முதுகைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடக்கிற மனிதருக்கு அதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

கறுப்பாக இருந்ததால் குற்றவாளி வாணலிதான் என்று எல்லோரும் முடிவு கட்டினோம். தங்கச்சிக்கு நல்ல திட்டு விழுந்தது. அக்கா வாணலியைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள். அதற்குப் பதில், வீட்டிலிருந்து தானே கொண்டுவந்து வைத்திருந்த பெரிய எனாமல் சட்டியில் எல்லாவற்றையும் சமைத்தாள். வெளியே நீலம், உள்ளே வெள்ளை. முதல் சம்பளத்தில் வாங்கியது. “என் சட்டியில எந்தப் பூச்சும் கிடையாது. கண்ணை மூடிக்கிட்டுச் சமைக்கலாம்” என்றாள். நாங்களும் தலையாட்டினோம். எனாமலும் ஒரு பூச்சுதான், இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடியை உருக்கிப் படியவைத்தது என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அதற்குள் பஸ்காரம்மா பிள்ளையை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

“நான்ஸ்டிக் துணுக்குன்னா பயப்பட வேண்டாமாம். உடம்புல கரையாதாம், போன மாதிரியே வெளியில வந்துடுமாம். வெறும் வாணலியை அடுப்புல வெச்சு மறந்துட்டா வருதே புகை, அதுதான் கெடுதலாம். மத்தபடி உரிஞ்ச வாணலியில பிள்ளைங்களுக்குச் செய்யாதீங்கன்னு சொன்னார்.”

மேடமும் இளகினார். விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

மறுநாள் காய்கறி சூப்பைக் கரண்டியில் மொண்ட அக்கா அப்படியே நின்றாள். கரண்டியில் ஒரு கறுப்புத் துணுக்கு. வாணலி பரண்மேல் இருக்கிறது. பிறகு இது எங்கிருந்து வந்தது?

நானாக இருந்தால் எடுத்து எறிந்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். அவள் அடுப்பை அணைத்தாள். துணுக்கைக் கழுவி ஒரு தட்டில் போட்டு, ஸ்பூனின் முதுகால் அழுத்தினாள்.

டிக் என்றது.

“ஏய், கேட்டியா?”

“என்னத்த?”

“சத்தம். அந்த வாணலியை இறக்கு.”

இறக்கினேன். உரிந்த இடத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பி ஒரு துணுக்கை எடுத்தாள். ஸ்பூனால் அழுத்தினாள். சத்தமே இல்லை. வெங்காயத்தின் உள்தோல் மாதிரி மடங்கியது. சூப்பில் வந்ததோ மடங்கவே இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் இரண்டாக உடைந்தது. ஒரு பாதியைப் புரட்டிப் போட்டாள். மறுபக்கம் பால் வெள்ளை.

நான், அக்கா, கழுவுகிறதைப் போட்டுவிட்டு ஓடிவந்த தங்கச்சி, மூன்று பேரும் தட்டின்மேல் குனிந்துகொண்டு நின்றோம். யாராவது பார்த்திருந்தால் தட்டில் தங்கம் கிடக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

சூப்பை வேறு பாத்திரத்தில் கவிழ்த்துவிட்டு, எனாமல் சட்டியைக் கழுவி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். விளிம்புக்குச் சற்றுக் கீழே, உள்பக்கம், ஒரு சொத்தை. நடுவில் இரும்பு தெரிந்தது, லேசாகத் துரு. அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். அடியில் கறுப்பு, மேலே வெள்ளை என்று இரண்டு அடுக்காகப் பூசியிருக்கிறார்கள். அதிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு கீழே ஓடியது. முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சு எடுத்து அந்த இடத்தில் தடவினாள். பஞ்சு இழை இழையாக மாட்டிக்கொண்டு நின்றது.

“நான் இதைக் கம்பி நார்ல தேய்க்கலக்கா. உங்க சட்டின்னு பயந்து பஞ்சு நார்லதான் தேய்ப்பேன்” என்றாள் தங்கச்சி. பிறகு, பல நாள் பசி தீர்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: “நீங்க ஒவ்வொரு தடவை கிளறி முடிச்சதும் கரண்டியை விளிம்புல டங் டங்னு ரெண்டு தட்டு தட்டுவீங்களே. அதையும் கொஞ்சம் யோசிங்க.”

அக்கா கரண்டியை எடுத்து விளிம்பில் வைத்துப் பார்த்தாள். அந்த டங் டங் கேட்டுத்தான் பிள்ளைகள் சாப்பிட உட்காரும். இரும்புக் கரண்டி. தட்டும் இடத்துக்கு நேர் கீழேதான் சொத்தை.

பிறகு அவள் கேட்டதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அப்போ நண்டு சட்டையில இருந்தது எது? அன்னைக்கும் கிழங்கை இந்தச் சட்டியிலதானே வேகவெச்சேன்.”

“வாயை மூடுக்கா” என்றேன். “அது வாணலிதான்னு எல்லாரும் நம்பியாச்சு. டாக்டரே ஒண்ணும் ஆகாதுன்னுட்டார். இந்தச் சட்டியைத் தூக்கிக் குப்பையில போடு, புதுசு வாங்கு. யாருக்குத் தெரியப் போகுது?”

“டாக்டர் சொன்னது அந்தத் துணுக்குக்குடி. இது கண்ணாடி மாதிரி உடையுது. இதுக்கு என்ன சொல்வார்னு யாரும் கேக்கலையே.”

கை துடைத்துக்கொண்டு மேடம் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். மேஜை இழுப்பறையில் அந்தக் காகித மடிப்பு இன்னும் இருந்தது. தட்டில் கொட்டச் சொல்லி ஸ்பூனால் அழுத்தினாள். டிக்.

“வாணலி இல்லைங்க மேடம். என் சட்டி. என் கரண்டி. வாணலியும் உரிஞ்சுதான் இருக்கு, அது வேற கதை.”

மேடம் துணுக்கை மறுபடி காகிதத்தில் மடித்தார். “தெரிஞ்சுதான் சொல்றீங்களா? நான் அன்னைக்கு என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. முதல்ல அந்தம்மாவுக்கு போன் போடுங்க. என் கணக்கை அப்புறம் பார்க்கலாம்.”

பஸ்காரம்மா வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு நேராக வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். வாயைத் திறந்து பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, வலி, வாந்தி, மலத்தில் ரத்தம் இருந்தால் உடனே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாராம். பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பார்த்திருந்த இரண்டு நாளும் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை, காப்பகத்தில் சமைக்கவும் இல்லை. சமையலறையில் மேடமே ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக் கொடுத்துச் சமாளித்தார். பிள்ளைகள் ரொட்டியைப் பிய்த்து எறிந்து விளையாடின.

நண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பஸ்காரம்மா வந்து மேடத்திடம் சொன்னதை நான் கதவருகில் நின்று கேட்டேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

“எனக்கு இன்னும் கோவம் இருக்குங்க. அந்தக்கா சொல்லாம விட்டிருந்தா, அதே சட்டியில இன்னும் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பான்னு நினைச்சா கோவத்தை எங்க வெக்கிறதுன்னு தெரியல. அவங்களையே சமைக்கச் சொல்லுங்க. ஆனா பாத்திரத்தைப் பார்த்துட்டுச் சமைக்கட்டும்.”

மேடம் சரி என்றார். புதுப் பாத்திரங்களும் வந்தன, இந்தத் தடவை ‘பார்க்கலாம்’ இல்லாமலே. இப்போது தினமும் காலையில் அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்னால் அக்கா ஒவ்வொரு பாத்திரத்தையும் ஜன்னலில் சாய்த்து, பஞ்சால் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் வைப்பாள். நீலச் சட்டி துணி கிளிப் போட்டுவைக்கப் போனது.

தெருவுக்கு விஷயம் தெரிந்ததும் சட்டிகள் வர ஆரம்பித்தன, அக்கா சட்டியக்கா ஆனாள். எதிர்வீட்டு டெய்லரம்மாவின் எனாமல் பாத்திரத்தில் வெளிப்பக்கம், கைப்பிடியில் பெயர்ந்திருந்தது. “வெளியில போனா அழகு மட்டும்தான் போச்சு. சமைங்க. சூட்டோட பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க, உள்ளயும் வெடிக்கும்.” புதிதாகக் குடிவந்த பையன் கொண்டுவந்த வாணலியில் லேசான கீறல்தான். “உரியலை. மிதமான சூடு, மரக்கரண்டி. ஒட்ட ஆரம்பிச்சா அப்புறம் வெச்சு அழாதே.” கிளி வளர்க்கிற வாத்தியாரிடம், நான்ஸ்டிக்கைக் காலியாகச் சுட வைத்தால் அந்தப் புகையில் முதலில் போவது கிளிதான் என்றாள். அவர் அன்றே கூண்டைச் சமையலறையிலிருந்து மாடிக்கு மாற்றினார். அந்தப் புகை விஷயம் டாக்டரிடம் அவளே போய்க் கேட்டு வந்தது. ஒருத்தர் உள்பக்கம் பளீரென்று ஆரஞ்சு நிறம் பூசிய பழைய எனாமல் கிண்ணத்தை நீட்டினார். “இது எனக்குத் தெரியாது. பழைய கலர் பூச்சுல ஈயம் கலந்திருக்கலாம்னு சொல்றாங்க. பார்த்துச் சொல்ல என் கண்ணால முடியாது. சாப்பாடு, முக்கியமா புளிப்பு, இதுல வேண்டாம்” என்று திருப்பிக் கொடுத்தாள்.

உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். போட மனசு வராமல், சமைக்கவும் பயந்துகொண்டு, அடுக்கின் அடியில் ஒளித்து வைத்திருப்பீர்கள். அதை எடுத்துக்கொண்டு அவளைப் போய்ப் பாருங்கள். மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் நேரமாகப் போங்கள், பின்கதவு திறந்தே இருக்கும். பாத்திரத்தைக் கழுவிவிட்டு மட்டும் எடுத்துப் போங்கள். அழுக்கோடு கொண்டுபோனால் முதலில் உங்களைத்தான் தேய்ப்பாள்.