தலைப்பில் நின்றுபோன வெள்ளிக்கிழமை

மூன்றாம் வகுப்பு டீச்சர் நலம் விசாரிக்காமல் விஷயத்துக்கு வரமாட்டார். குழாய் வேலைக்காக வெள்ளிக்கிழமை பள்ளிக்கு விடுமுறை, விளையாட்டு விழா திங்கட்கிழமைக்கு மாறிவிட்டது என்று பெற்றோருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதை நான்காவது பத்தியில் வைத்தார். பழைய மின்னஞ்சலுக்கே பதிலாக எழுதியதால், தலைப்பு மட்டும் "வெள்ளிக்கிழமை விளையாட்டு விழா" என்றே நின்றது.

"தலைப்ப மாத்திடுங்க டீச்சர். வேலைக்கு ஓடுறவங்க அத மட்டும்தான் பாப்பாங்க," என்றார் அலுவலக அக்கா.

"பெத்த பிள்ளை விஷயத்த முழுசாப் படிக்க மாட்டாங்களா?"

டீச்சர் பிடித்த பிடியை விடவில்லை. ஐந்தாறு பேர் "நன்றி" என்று பதில் போட்டதும் அக்காவிடம் காட்டிச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குக் காவலாளி போன் செய்தார்.

"டீச்சர், கேட்டுக்கு வெளிய உங்க வகுப்புப் பொண்ணு நிக்குது. அப்பா இறக்கிவிட்டுட்டுப் போயிட்டாராம்."

அந்த அப்பாவும் நன்றி சொன்னவர்தான்.

"ஒரு பிள்ளைதானே? உள்ள உக்கார வைங்க, இதோ வரேன்."



"நான் சாவி எடுக்கப் போறப்ப ரெண்டு பேர் நின்னாங்க டீச்சர். திரும்பி வந்தா இது மட்டும்தான் நிக்குது."