தொண்டைக்குக் குறுக்கே ஒரு மாலை

ஜாக்குலின் விழுப்புரத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனர். போட்டோஷாப்பைத் தானாகவே பழகியவள். 2009இல் ஒலக்கூர் பச்சைமுத்து, தன் அறுபதாம் கல்யாண பேனருக்காக மனைவி கெங்கம்மாளோடு வந்தார். கொடுத்த ஜோடிப் படத்தில் மாலை இல்லை. ஜாக்குலின் இரண்டு ரோஜா மாலைகளைச் சேர்த்துக் காட்டினாள்.

கெங்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "செத்தவங்க படத்துக்கு மாட்ன மாதிரி இருக்குது. பேனரே வேணாம்."

"நான் உயிரோட நின்னுக்கினுதானே இருக்கேன்," என்றார் பச்சைமுத்து.

"நீ இருக்கிற. படத்துல இல்ல."

ஜாக்குலின் உற்றுப் பார்த்தாள். மாலையின் மேல்வளைவு தொண்டைக்குக் குறுக்கே கிடந்தது. கழுத்துக்குப் பின்னால் போகவேண்டிய அந்தப் பகுதியை அழித்தாள். மீதியைத் தோள் சரிவுக்கும் வயிற்று மேட்டுக்கும் ஏற்ப வளைத்தாள். கெங்கம்மாள் சற்று முன்னால் நின்றதால், கணவரின் மாலையோரத்தை அவள் தோளுக்குப் பின்னால் மறைத்தாள். வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுந்திருந்தது. அதனால் மாலைகளின் வலப்பக்கம் சட்டையிலும் சேலையிலும் மெல்லிய நிழல் இட்டாள். பூ துணியைத் தொடும் இடத்தில் மட்டும் அதை அடர்த்தியாக்கினாள்.

கெங்கம்மாள் திரைக்கருகே குனிந்தாள். "இப்பதான் மாலை கழுத்துல கனக்குது."

"அப்ப அடிச்சிடலாமா, அத்தை?"

"அடி. இவர் தொப்பைய மட்டும் கொஞ்சம் உள்ள தள்ளிடும்மா."