மூன்றாம் பத்திக்கு எழுதாத குறிப்பு

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் கட்டுரைக்குக் குறிப்பு எழுதியது. நெபுலைசர் மருந்தினால் அம்மாவின் கை நடுங்கியது. அவள் தமிழில் சொன்னாள், நான் ஆங்கிலத்தில் எழுதினேன்.

அம்மா பெயர் மைதிலி. மாரெட்பள்ளியில் ஒரு பள்ளியில் இருபத்தாறு வருடம் ஆங்கில ஆசிரியை. நுரையீரல் இறுகும் நோய். ஜூலையிலிருந்து வீட்டில் ஆக்ஸிஜன் இயந்திரத்தோடு இருந்தாள். விடுப்பில் இருப்பவளிடம் யாரும் வேலை கேட்கவில்லை. சக ஆசிரியை ஆக்னஸிடம் சொல்லி, கட்டுரைகளை அம்மாவே வரவழைத்துக்கொண்டாள்.

முதல் வரைவுக்கு மதிப்பெண் போடமாட்டாள். போட்டால் பிள்ளைகள் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள் என்பாள். 'அருமை' என்று மொட்டையாக எழுதியதும் கிடையாது. எந்த வரி, ஏன் என்று எழுதுவாள். பிறகு திருத்தம், அதிகம் போனால் இரண்டு.

இந்தக் கட்டுரையை எழுதியவள் சாஹித்யா. வீடு லாலாகுடாவில். அப்பாவுக்குத் தகரப் பட்டறையில் வேலை, காது மந்தமாகிவிட்டது. மூன்றாம் பத்தியில், அவரைச் சாப்பிடக் கூப்பிட வீட்டில் கூடத்து விளக்கை இருமுறை அணைத்துப் போடுவார்கள் என்று எழுதியிருந்தாள். ஐந்தாம் பத்தியில், பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் பத்து வருடத்தில் காது போய்விடும் என்றிருந்தது. ஆதாரம் இல்லை. முடிவில், கட்டுரைக்குச் சம்பந்தமில்லாமல் அரசிடம் சில கோரிக்கைகள்.

நகரில் நடக்கும் இளம் எழுத்தாளர் பயிலரங்குக்குப் பள்ளிக்கு ஒரு கட்டுரை அனுப்பலாம். அம்மா இவளைத்தான் நினைத்திருந்தாள். கடைசி நாள் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை.

மூன்றாம் பத்தியைப் பற்றி அம்மா வெகுநேரம் சொன்னாள், மூச்சு வாங்கி வாங்கி. நான் அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதும் கணினி நிரல்களைச் சரிபார்ப்பவள். அங்கே சரியாக இருக்கும் வரிக்குக் குறிப்பு எழுதுவதில்லை, பிழைக்கு மட்டும்தான். அதே பழக்கத்தில் எழுதினேன். "பத்தி 3: சரி. பத்தி 5: ஆதாரமில்லை, ஒரு ஆளை வைத்துச் சொன்னால் போதாது. கடைசிப் பத்தி: நீக்கு."

"சொன்னதெல்லாம் எழுதினியாடீ?" என்று கண்ணை மூடியபடி கேட்டாள். எழுதிவிட்டேன் என்றேன்.

ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, ஆக்னஸ் டீச்சர் இரண்டாம் வரைவைக் கொண்டுவந்தார். முதல் வரைவும் அதோடு சேர்த்துப் பின் அடிக்கப்பட்டிருந்தது. அம்மா இரண்டு தடவை படித்தாள்.

"அந்த லைட் எங்கே போச்சு?"

மூன்றாம் பத்தியே இல்லை. அப்பா கட்டுரையில் எங்குமே இல்லை. ஒலி அளவுகளும் சதவீதங்களும் இருந்தன. பிழை ஒன்றுகூட இல்லை. அம்மா பக்கங்களைத் திருப்பி என் கையெழுத்தைப் பார்த்தாள்.

"ஒரு ஆள் போதாதுன்னு எழுதியிருக்கே. அவ ஆளையே தூக்கிட்டா."

"மார்ஜின்ல இடம் இல்லம்மா."

"பின்பக்கம் பூரா காலியாத்தானே கிடக்கு."

மன்னிப்புக் கேட்டேன்.

"சாரியெல்லாம் நக்கோ, வேணாம். அந்தப் பொண்ணுக்கு போன் போடு."

ஒலிபெருக்கியில் போட்டேன். சாஹித்யா பாதித் தெலுங்கும் பாதி ஆங்கிலமுமாகப் பேசினாள். குறிப்பை அவள் அப்பாவும் உரக்கப் படித்து விளக்கச் சொல்லிக் கேட்டாராம். தன்னைப் பற்றி எழுதியதுதான் குறை போலிருக்கிறது, எடுத்துவிடு என்றாராம். அம்மா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "அது என் தப்பு. புதுசா எழுதித் தரேன், வியாழக்கிழமை வரும்," என்றாள். யாருடைய தப்பு என்று நான் குறுக்கிட்டுச் சொல்லவில்லை.

வியாழன் காலை தானே எழுதுவேன் என்று பிடிவாதம். நெபுலைசரைத் தள்ளிப்போட்டாள், கை நடுங்கக் கூடாதென்று. எனக்குத் தெரியும். தடுக்கவில்லை. முதல் வரைவின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது உதடு நீலமானது. ஆம்புலன்ஸை அழைத்தேன். போகும்போது, "சாயந்திரம் லாலாகுடாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துடணும்," என்றாள். சனிக்கிழமை இறந்துபோனாள்.

நெபுலைசர் போட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்றார் மருத்துவர். அதை நான் சரிபார்க்க வழியில்லை.

வெள்ளிக்கிழமை ஆக்னஸ் டீச்சர் இரண்டாம் வரைவின் நகலை அனுப்பிவிட்டார். வேறு எதுவும் கையில் இல்லை. அது தேர்வாகவில்லை. சாஹித்யா இப்போது வகுப்பில் எழுதச் சொன்னதை மட்டும் எழுதிக் கொடுக்கிறாளாம்.

தாள் என்னிடம் இருக்கிறது. அம்மா எழுதியது நான்கு வரி: "மூன்றாம் பத்தியில் ஒரு சொல்லையும் மாற்றாதே. அப்பா பாவம் என்று நீ எங்கும் எழுதவில்லை. அதனால்தான் அவரை எங்களால் பார்க்க முடிகிறது. ஐந்தாம் பத்தியில் நீ சொல்ல வேண்டியது உன் அப்பாவுக்கு நடந்ததை மட்டும்;" அங்கே நிற்கிறது.

மீதி எனக்குத் தெரியும், முதல் நாளே சொல்லியிருந்தாள். லாலாகுடா இங்கிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிடம். அந்தப் பெண்ணிடமும் அவள் அப்பாவிடமும் இந்தத் தாளைக் கொடுக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.