இரண்டு தரம் தட்டிய அட்டை

நிரோஷினி என்ன வேலை செய்கிறாள் என்று மோர்னிங்சைட் பகுதியில் அவள் இருக்கும் கட்டடத்தில் யாராவது கேட்டால், அவளுடைய கணவன் கிருபன்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வான்.

"ஆக்களைப் பிடிக்கிற வேலை."

அவள் சிரிப்பதில்லை. முதல் வருடம் சிரித்தாள். இப்போது ஐந்தாவது வருடம்.

அவள் தெருவில் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்காரில் ரிக்கற் செக்கர், பயணச்சீட்டுப் பரிசோதகர். ரிக்கற் என்பது பேச்சுக்குத்தான். அந்த நீள வண்டிக்கு நாலு கதவுகள். எந்தக் கதவிலும் தடுப்பு இல்லை, ரிக்கற் கிழிக்க ஆளில்லை. சாரதி முன்னால் தன் அறைக்குள் இருப்பார். யார் ஏறுகிறார்கள் என்று திரும்பியும் பார்க்கமாட்டார். ஏறுகிறவர்கள் தாங்களாகவே கதவருகே உள்ள கருவியில் அட்டையைத் தட்டவேண்டும். அது கட்டண அட்டையாகவோ வங்கி அட்டையாகவோ இருக்கலாம், போனையும் தட்டலாம். தட்டினால் இரண்டு மணித்தியாலம் போய்வரலாம். தட்டாவிட்டால் யாருக்கும் தெரியாது. தெரியாமல் போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் நிரோஷினி கையில் ஒரு சிறு கருவியோடும் நெஞ்சில் ஒரு கமெராவோடும் வண்டிக்கு வண்டி ஏறி இறங்குகிறாள்.

அவளுடைய சீருடையைக் கண்டதும் பின்கதவால் இறங்கி ஓடுகிறவர்கள் உண்டு. அவளைக் கண்ட பிறகு அவசரமாய்த் தட்டிவிட்டு, "தட்டிவிட்டேனே" என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்களும் உண்டு. அவர்கள் எந்த நிமிடத்தில் தட்டினார்கள் என்பதைக் கருவி காட்டிவிடும் என்று அவர்களுக்குத் தெரியாது. சிலர் திட்டுவார்கள். சிலர் அழுவார்கள். ஆரம்பத்தில் இந்த முகங்களெல்லாம் இரவில் அவள் கண்ணுக்குள் நிற்கும். இப்போது கால்கள் மட்டும்தான் நோகின்றன.

நோகிறதென்று விட்டுவிடவும் முடியாது. பண்டகசாலையில் பெட்டி தூக்கி முதுகு போய் இரண்டு வருடமாகக் கிருபன் வீட்டில் இருக்கிறான். அவனுடைய மருந்தும் சிகிச்சையும் அவளுடைய வேலைக் காப்புறுதியில்தான் ஓடுகின்றன.

இந்த நிலையில்தான் வசந்தகாலத்தில் அந்தக் கடிதம் வந்தது. அட்டை தட்டாத ஒரு தமிழ்க்காரரோடு அவள் பத்து நிமிடம் தமிழில் பேசி, எச்சரித்து விட்டுவிட்டாள். அதே வண்டியில் வேறு இரண்டு பேருக்குக் குற்றச்சீட்டு எழுதினாள். அவர்களில் ஒருவர் முறைப்பாடு போட்டார். "உங்கள் ஆட்களுக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்கு இன்னொரு சட்டமா?" அவள் பக்கத்தில் காரணம் இருந்தது. ஆனால் பேசியது தமிழில். கமெராப் பதிவைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கவில்லை. இன்னொரு முறைப்பாடு வந்தால் இந்த வேலையில் வைத்திருக்கமாட்டோம் என்று அந்தக் கடிதத்தில் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அன்றிலிருந்து வேலை நேரத்தில் நிரோஷினி தமிழ் பேசுவதில்லை. யாராவது "பிள்ளை தமிழோ?" என்று கேட்டால் இங்கிலிஷில் ஏதாவது சொல்லிக்கொண்டு அடுத்த இருக்கைக்குப் போய்விடுவாள்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி. தூறல். காலேஜ் தெரு வழியாக ஓடும் வண்டி பே தெருவில் நின்றபோது டெஸ்மண்ட் முன்கதவாலும் அவள் பின்கதவாலும் ஏறினார்கள். டெஸ்மண்ட் ஜமேக்காக்காரர், இந்த வேலையில் அவளைவிடப் பழையவர். அந்தக் கடிதத்தைப் பற்றி அவள் சொன்ன ஒரே ஆள்.

பின்கதவோரம் முதுகுப்பையோடு ஓர் இளைஞன் நின்றான். அட்டையை நீட்டினான். கடைசியாகத் தட்டியது முந்தைய நாள் காலை.

"ஐயோ, மறந்துபோனேன்," என்று இங்கிலிஷில் சொன்னான்.

ஒரு நாளைக்கு முப்பது முறை கேட்கிற சொல். அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அடையாள அட்டையை வாங்கினாள், எழுதினாள், கொடுத்தாள். இருநூறு டொலருக்கு மேல். அவன் அந்தத் தாளை மடிக்காமல் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றான்.

அடுத்த இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருவருக்கு எழுபதுக்கு மேலிருக்கும், மற்றவர் கொஞ்சம் இளையவர். இருவருக்கும் நடுவில் ஒரு குடை தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மரியம்மாக்கா, உந்தப் பிள்ளையைப் பாருங்கோ. எங்கடை முகம்."

"சும்மா இரு தவமணி. காட்டை எடு, காட்டை எடு."

மூத்தவர் மரியம்மா அட்டையை நீட்டினார். கருவியில் பச்சை விழுந்தது. ஒன்பது நிமிடத்துக்கு முன் தட்டியிருந்தது. தவமணி கைப்பைக்குள் இருந்து ஒரு பொலித்தீன் பையையும், அதற்குள் இருந்து ஒரு பேர்சையும், அதற்குள் இருந்து அட்டையையும் எடுத்தார். சிவப்பு. மூன்று நாளாய் அது எங்கும் தட்டப்படவில்லை.

நிரோஷினி இங்கிலிஷில் சொன்னாள். தவமணி அவளுடைய வாயையே பார்த்தார்.

"என்னவாம் அக்கா?"

"நீ தட்டேல்லையாம்." மரியம்மா நிமிர்ந்தார். "பிள்ளை, தமிழிலை சொல்லு. உன்ரை முகத்திலை எழுதிக் கிடக்கு. இவவுக்கும் சேர்த்து நான்தான் தட்டினனான். ரெண்டு தரம். ஒண்டு எனக்கு, ஒண்டு இவவுக்கு. ரெண்டு தரமும் கீக் எண்டது. என்ரை ரெண்டு காதாலையும் கேட்டனான்."

"நான் என்ரை காட்டை எடுத்தனான் பிள்ளை," என்றார் தவமணி. "உவ விடேல்லை. கையைப் பிடிச்சு இழுத்து, பேர்சையும் மூடிப்போட்டா."

"விடுவனே? போன கிழமை ரீக்கும் வடைக்கும் நீ குடுத்தனி. அதுக்கு முதல் கிழமையும் நீ. ஒவ்வொருக்காவும் நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறதோ?"

நிரோஷினிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு பேராய் வெளிக்கிட்டால் ஒருவர் மற்றவருக்கும் சேர்த்துக் கொடுப்பது நம்மவர் வழக்கம். கொடுக்க விடாவிட்டால் இரண்டு நாளைக்கு முகம் நீட்டுவார்கள். கருவிக்கு அது தெரியாது. ஓர் அட்டை, ஓர் ஆள். இரண்டாம் தரம் தட்டினால், அதே ஆள் திரும்பவும் தட்டுகிறார் என்றுதான் அது நினைத்துக்கொள்ளும். சத்தம் போடும், ஆனால் காசு எடுக்காது.

எப்படிச் சொன்னாலும் தவமணி கட்டணம் கட்டாத பயணிதான். பின்னால் அந்த இளைஞன் போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

டெஸ்மண்ட் முன்பக்கம் முடித்துக்கொண்டு வந்துவிட்டார். அவள் காதருகே குனிந்து, எழுதிவிடு, கடிதத்தை மறக்காதே என்றார்.

அவள் தவமணியிடம் அடையாள அட்டை கேட்டாள், இங்கிலிஷிலேயே. தவமணி பேர்சைத் திறக்க, மரியம்மா அதன்மேல் கையை வைத்தார்.

"குற்றக்காசு எண்டால் எனக்கு எழுது. தட்டவிடாமல் பண்ணினது நான்."

"இல்லைப் பிள்ளை, தட்டாதது என்ரை காட். எனக்கு எழுதும்."

"நீ பேசாமல் இருடி. கண் டொக்டரிட்டைப் போற நேரம் உனக்கு பிறசர் ஏறப்போகுது."

"உங்களுக்குத்தான் பிறசர். எனக்குச் சீனி."

பக்கத்தில் இருந்த ஒரு சீனப் பெண்மணி, மொழி தெரியாமலே, சிரிப்பை அடக்க யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நிரோஷினிக்குச் சிரிப்பு வரவில்லை. உட்காரவேண்டும் போல இருந்தது. இந்த வேலையில் உட்காரக்கூடாது.

எங்கே ஏறினீர்கள் என்று கேட்டாள். யங் தெருவில் என்றார் மரியம்மா. தவமணியின் மகள் வேலைக்குப் போகிற வழியில் காரில் இறக்கிவிட்டாளாம். கருவியில் இருந்த இடமும் நேரமும் அதற்குச் சரியாக இருந்தன. தவமணியின் அட்டையை இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். இருபத்திரண்டு டொலர் இருந்தது. ஏமாற்ற நினைத்த ஆளில்லை.

விட்டுவிடலாமா, எழுதுவதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவளுக்கு உண்டு. கடிதம் வந்த நாளிலிருந்து அவள் அந்த உரிமையைத் தொட்டதில்லை. கிருபனுடைய மருந்துப் போத்தல்கள் நினைவில் வந்தன.

பிறகு, கமெராவுக்குக் கேட்கும்படி இங்கிலிஷில் நிதானமாகச் சொன்னாள். இவர் அட்டையில் காசு இருக்கிறது. தோழி இரண்டு பேருக்குமாய் ஓர் அட்டையை இரண்டு முறை தட்டியிருக்கிறார். நேரமும் இடமும் பொருந்துகின்றன. எச்சரிக்கை மட்டும் கொடுக்கிறேன். இனி இதையே தமிழில் சொல்லப்போகிறேன்.

"அன்ரி, ஒருத்தற்றை காட் ஒருத்தருக்குத்தான். எத்தினை தரம் தட்டினாலும் மற்ற ஆளுக்குக் காசு போகாது. ரீக்குக் குடுங்கோ, வடைக்குக் குடுங்கோ. இதுக்கு மட்டும் அவவைத் தட்ட விடுங்கோ," என்றாள் மரியம்மாவிடம். பிறகு தவமணியிடம் திரும்பினாள். "இப்ப எழும்பிப் போய் உங்கடை காட்டைத் தட்டுங்கோ."

"ஓம் பிள்ளை," என்று எழும்பிய தவமணி, மரியம்மாவைப் பார்த்து, "இனி என்ரை கையைப் பிடிச்சால் பாருங்கோ," என்றார்.

அந்த இளைஞன் குரலை உயர்த்தவில்லை. "என் அட்டையிலும் காசு இருக்கிறது," என்றான். "நீங்கள் பார்க்கவே இல்லை."

அவள் கையை நீட்டினாள். அவன் மறுபடியும் அட்டையைக் கொடுத்தான். நாற்பது டொலர். கடந்த ஒரு கிழமையில் அவன் தட்டியிருந்த நேரங்களும் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொரு காலையும் இதே வழி. இன்று மட்டும் இல்லை. அவன் உண்மையாகவே மறந்திருக்கலாம். மறக்காமலும் இருந்திருக்கலாம். அவள் கேட்கவில்லை என்பதுதான் நிச்சயம்.

கொடுத்த சீட்டை வண்டியில் வைத்து அவளால் திரும்ப எடுக்கமுடியாது. அதன் பின்பக்கத்தில் எதிர்த்து வாதாட வழி எழுதியிருக்கிறது என்று காட்டினாள். தான் கேட்காமல் எழுதியதைத் தன் குறிப்பில் பதிவதாகவும் சொன்னாள். அவன் நன்றி சொல்லவில்லை. அவளுடைய சீருடையிலிருந்த இலக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு ஸ்பதைனா தரிப்பில் இறங்கினான்.

"இனி முறைப்பாடு வரும்," என்றார் டெஸ்மண்ட்.

"வரட்டும்," என்றாள். ஆனால் வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மேற்பார்வையாளரை அழைத்து நடந்ததைத் தானே சொன்னாள். சோற்றுப் பெட்டி திறக்காமலே இருந்தது.

மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டார். கமெராப் பதிவு முழுவதையும் பார்த்திருந்தார். அந்த அம்மாவை எச்சரித்து விட்டது சரி, காரணம் தெளிவாய்க் கேட்கிறது, தமிழில் பேசியதிலும் பிழையில்லை என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தப் பெடியனிடம் ஏன் அதே கேள்விகளைக் கேட்கவில்லை?"

அவளிடம் பதில் இருந்தது. களைப்பு. ஆனால் தெரியாது என்றாள். அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, இரண்டாவது கடிதம் எழுதப்போவதில்லை என்றார். அவளுடைய குறிப்பை அந்தப் பையனின் சீட்டோடு சேர்த்து அனுப்புவார்கள். மிச்சத்தை வழக்குப் பார்க்கிறவர்கள் தீர்மானிப்பார்கள்.

வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். நிம்மதி வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு களைப்பும் வந்தது.

இப்போது நிரோஷினி சிவப்பு விழுந்த எல்லோரிடமும் மூன்று கேள்விகள் கேட்கிறாள். எங்கே ஏறினீர்கள், எந்த அட்டையைத் தட்டினீர்கள், யார் தட்டினார்கள். பொய் சொல்கிறவர்களிடமும் கேட்கிறாள், திட்டுகிறவர்களிடமும் கேட்கிறாள். தமிழாய் இருந்தால் முதலில் இங்கிலிஷில், பிறகு தமிழில். ஒரு வண்டிக்கு முன்னைப்போல் இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது. டெஸ்மண்ட் முணுமுணுக்கிறார், அவருக்கும் கால் நோகிறது.

"இண்டைக்கு எத்தினை பேரைப் பிடிச்சனி?" என்று கிருபன் கேட்டால், சப்பாத்தைக் கழற்றியபடி சொல்கிறாள்.

"ஏழு பேரைக் கேட்டனான். நாலு பேருக்கு எழுதினனான். தேத்தண்ணி இருக்கோ?"